கீபேட் போனுக்கு இரண்டு வரியில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து

கொல்லிமலைக்காரி, 9 ஆகஸ்ட் 2023, இரவு 9.40

வரும் 21ஆம் தேதி என் கணவருக்கு நாற்பது வயது. லாரி ஓட்டுகிறார். அன்றைக்கு நாக்பூர் பக்கம் எங்காவது இருப்பார். பெரிய போன் விழுந்து உடைந்ததிலிருந்து கீபேட் போன்தான் வைத்திருக்கிறார். அதனால் போட்டோ, வீடியோ, பாட்டு எதுவும் போகாது. எஸ்.எம்.எஸ். மட்டும்தான்.

இணையத்தில் தேடினால் "என் உயிரில் கலந்த உறவே", "நீ பிறந்ததால் நான் பிறந்தேன்" என்று கொட்டுகிறது. எல்லாமே யார் யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். எங்களுக்குள் நடந்த ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும், இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு நாள் இருக்கிறது. நீங்கள் எப்படி எழுதினீர்கள், எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று சொல்லுங்கள்.

கவிதைக்கூடம், 9 ஆகஸ்ட், இரவு 10.15

சகோதரி, இதோ பிடியுங்கள்:

வானத்து நிலவும் வாசலில் நிற்க,
வாழ்த்திட வந்தேன் வாழ்வின் ஒளியே!

இன்னும் பதினெட்டு வரி இருக்கிறது. உங்கள் கணவர் பெயரைச் சொன்னால் முதல் எழுத்துகளில் பெயர் வரும்படி மாற்றித் தருகிறேன்.

கொல்லிமலைக்காரி, 9 ஆகஸ்ட், இரவு 10.22

நன்றி அண்ணா. ஆனால் நான் கேட்டது கவிதை இல்லை. அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் எழுத முடியாத இரண்டு வரி.

பழைய தந்திக்காரர், 10 ஆகஸ்ட், காலை 6.05

திருச்சியில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2013 ஜூலை 15இல் தந்திச் சேவையே முடிந்தது. எங்களிடம் வாழ்த்துத் தந்திக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. தீபாவளிக்கு ஒரு வாசகம், ரம்ஜானுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அனுப்புகிறவர் படிவத்தில் எண்ணை எழுதினால் போதும். அந்த எண்தான் கம்பியில் போகும். போய்ச் சேருகிற ஊரில் முழு வாசகமாக்கி, பூப்போட்ட தாளில் வைத்துக் கொடுப்பார்கள். ஒரே முகூர்த்த நாளில் ஒரே எண்ணை நூறு தடவை அடித்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பதை நான் இப்படித்தான் சோதிப்பேன். எழுதிய வரிக்கு ஒரு எண் போட முடியுமா? "என் வாழ்வின் ஒளியே" என்பதற்குத் தாராளமாகப் போடலாம். நூறு பேர் அதே எண்ணைச் சொல்லி அனுப்பலாம். எண் போட முடியாத வரி வரும்வரை அடித்து எழுதுங்கள்.

ஒருவர் வந்தார். மனைவிக்குப் பிறந்தநாள். பட்டியலை நீட்டினேன், வேண்டாம் என்றார். ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதிக் கொடுத்தார்: "மாமரம் காய்த்தது. ஏழு." அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் சரிதானா என்று திரும்பக் கேட்டேன். சரிதான் என்றார். அந்த ஏழு என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஓசூர் பையன், 10 ஆகஸ்ட், காலை 8.30

அந்த ஏழு காயா, ஏழாவது வருஷமா? யோசித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அக்கா, எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து போகும். இரண்டு வரி என்ன, ஐந்து வரியே எழுதலாம்.

வைகைக்கரை, 10 ஆகஸ்ட், காலை 11.10

தம்பி, 160 ஆங்கிலத்துக்குத்தான். செல்போன் கடை வைத்திருக்கிறேன், இந்தக் கணக்கு எனக்குத் தினமும் வரும். தமிழில் அடித்தால் ஒரு செய்திக்கு 70தான். அதிலும் நாம் எண்ணுகிற எழுத்து வேறு, போன் எண்ணுகிற எழுத்து வேறு. "ம" ஒன்று. "மா" இரண்டு, ஏனென்றால் துணைக்காலையும் தனியாக எண்ணும். "ம்" இரண்டு, மேலே இருக்கிற புள்ளியும் ஒன்று. "மொ" பார்வைக்கு மூன்று துண்டாகத் தெரிந்தாலும் இரண்டுதான். இடைவெளியும் ஒன்று, முற்றுப்புள்ளியும் ஒன்று.

70ஐத் தாண்டினால் போன் அதை உடைத்து அனுப்பும், இரண்டு செய்திக்கான காசு போகும். சில பழைய போன்களில் பின்பாதி முன்னால் வந்து சேரும். பிறந்தநாள் வாழ்த்து அப்படி வந்தால் நன்றாக இருக்காது.

அதைவிட முக்கியம், அவர் போனில் தமிழ் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். சில கீபேட் போன்களில் வெறும் கட்டம் கட்டமாக வரும்.

கொல்லிமலைக்காரி, 10 ஆகஸ்ட், மதியம் 1.50

"சாப்பிட்டாச்சா" என்று தமிழில் அடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டு, "ஆச்சு, தயிர் சாதம்" என்றார். தமிழ் தெரிகிறது.

மாடித்தோட்டம், 10 ஆகஸ்ட், மாலை 4.35

என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

மூன்று வருடம் முன்பு கணவரின் பிறந்தநாளுக்கு எழுதினேன்: "மத்திய பேருந்து நிலையம், சிமெண்ட் பெஞ்சு, ஆளுக்குப் பாதி பன்." கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஐந்து மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அது. தந்திக்கார ஐயா சொன்ன மாதிரி எண் போடவே முடியாது. அவர் படித்தார், போனை மேசைமேல் வைத்தார், குளிக்கப் போய்விட்டார்.

இரவில்தான் சொன்னார். அன்றைக்கு அவர் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டியிருந்ததாம். முதல் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அந்தப் பாதி பன் காதல். அவருக்கோ பையில் அதற்கு மேல் காசில்லை.

ஞாபகம் உண்மையானதுதான், இரண்டு பேருக்கும் பொதுவானதுதான். ஆனால் அவர் எந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கொல்லிமலைக்காரி, 10 ஆகஸ்ட், இரவு 10.05

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சரியான ஞாபகம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாடித்தோட்டம், 10 ஆகஸ்ட், இரவு 10.20

நான் இப்போது ஒன்று பார்க்கிறேன். அந்தக் கதையை அவர் வாயால், நாலு பேர் நடுவில், சிரித்துக்கொண்டு சொல்லிக் கேட்டிருக்கிறேனா? பெஞ்சுக் கதையை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பழைய தந்திக்காரர், 11 ஆகஸ்ட், காலை 5.50

நல்ல வழி. ஆனால் நாலு பேர் நடுவில் பல தடவை சொன்ன கதை குடும்பத்துக்கே பொதுவாகிவிடும். மச்சான், சித்தப்பா, பக்கத்து வீடு எல்லாருக்கும் மனப்பாடம். அதை அப்படியே வாழ்த்தில் வைத்தால் அதுவும் எண் போட்ட மாதிரிதான். அவர் சொல்லுகிற கதைக்குள் அவர் சொல்லாமல் விடுகிற துண்டு ஒன்று இருக்கும். அதை எடுங்கள்.

கொல்லிமலைக்காரி, 12 ஆகஸ்ட், இரவு 11.15

ஐயா சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். ஒன்று கிடைத்திருக்கிறது. முழுதாக எழுதிவிடுகிறேன், பிறகு குறைக்கலாம்.

கல்யாணம் ஆகி மூன்றாவது மாதம், 2010 ஐப்பசி. சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஜவ்வரிசி லோடு. கிளீனருக்குக் காய்ச்சல். நான் பெங்களூரைப் பார்த்ததில்லை என்று சொன்னதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரவு ஒரு மணி வாக்கில் மழை பிடித்தது. காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஜவ்வரிசி நனைந்தால் அவ்வளவுதான், கூழாகிவிடும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு மேலே ஏறினார். நான் கீழே நின்று டார்ச் அடித்தேன். மின்னல் வெட்டும்போதெல்லாம் பயத்தில் என் கை தானாகத் தாழ்ந்துவிடும். மேலே அவருக்கு இருட்டிவிடும். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து சத்தம் போட்டார்: "டார்ச்சை மட்டும் இறக்காதே." கடைசிவரை அதை மட்டும்தான் சொன்னார். முக்கால் மணி நேரம். அப்புறம் நான் இறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

இந்தக் கதையை அவர் எல்லாரிடமும் சொல்வார். "ஒரு மூட்டை நனையலை தெரியுமா" என்றுதான் முடிப்பார். யோசித்துப் பார்த்தால், டார்ச்சைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது என் பக்கம் மட்டும் இருக்கிறது.

ஓசூர் பையன், 12 ஆகஸ்ட், இரவு 11.40

அக்கா, தூக்கம் போச்சு. இதை அப்படியே அனுப்புங்கள்.

வைகைக்கரை, 13 ஆகஸ்ட், காலை 9.00

அப்படியே அனுப்பினால் பதினைந்து செய்தியாகப் போகும்.

கொல்லிமலைக்காரி, 13 ஆகஸ்ட், மாலை 5.30

முதல் வரைவு:

"தொப்பூர் கணவாய் மழையில் நீங்க தார்ப்பாய் கட்டினதும் நான் டார்ச் பிடிச்சதும் ஞாபகம் இருக்கா? அன்னைக்கு மாதிரி என்னைக்கும் உங்களுக்கு வெளிச்சமா இருப்பேன். இனிய பிறந்தநாள் வாழ்த்துக்கள்."

எழுதும்போது நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது ஏதோ இடிக்கிறது.

பழைய தந்திக்காரர், 13 ஆகஸ்ட், இரவு 7.45

இடிப்பது "வெளிச்சமா இருப்பேன்". அதற்கு எண் போட்டுவிடலாம். டார்ச் என்று சொன்ன பிறகு வெளிச்சம் என்று விளக்க வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். "ஞாபகம் இருக்கா" என்று கேட்பதும் வேண்டாம். அது பரீட்சை வைப்பது மாதிரி. ஒருவேளை சட்டென்று நினைவு வராவிட்டால் பிறந்தநாளும் அதுவுமாகத் தோற்றுப்போவார். நடந்ததைக் கதையாகச் சொல்லாதீர்கள். அவரும் அங்கேதான் இருந்தார்.

மாடித்தோட்டம், 13 ஆகஸ்ட், இரவு 8.10

தொப்பூர்தானா என்று உறுதியாகத் தெரியுமா? ஊர்ப்பெயர் தப்பாக இருந்தால் முதலில் அதைத்தான் திருத்துவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கொல்லிமலைக்காரி, 14 ஆகஸ்ட், மதியம் 12.20

அப்போது காய்ச்சலில் படுத்திருந்த கிளீனர் என் கொழுந்தனார்தான். அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தொப்பூர் இல்லையாம். தருமபுரி தாண்டி, காவேரிப்பட்டணம் பக்கமாம். மறுநாள் அண்ணன் அவரிடம் சொன்ன இடம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணவாய் ஏறும்போது எனக்குப் பயமாக இருந்தது, மழையும் பயமாக இருந்தது, இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறேன். பதின்மூன்று வருடம் தொப்பூர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப்பெயரை எடுத்துவிட்டேன். நூறு சதவீதம் உறுதியாக இருப்பது அவர் சொன்ன வார்த்தை மட்டும்தான். "டார்ச்சை இறக்காதே."

ஓசூர் பையன், 14 ஆகஸ்ட், இரவு 9.25

இந்த இழையைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் தோழிக்கு 17ஆம் தேதி பிறந்தநாள். அவளும் நானும் அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். நான் எழுதியது: "உன்னை முதன்முதலில் சந்தித்த அந்த நொடியை என்றும் மறவேன்." எப்படி?

பழைய தந்திக்காரர், 15 ஆகஸ்ட், காலை 6.10

எண் போட்டாயிற்று தம்பி. அந்த நொடியில் என்ன நடந்தது?

ஓசூர் பையன், 15 ஆகஸ்ட், காலை 7.50

ஒன்றும் பெரிதாக இல்லை ஐயா. ஜெராக்ஸ் கடை. எனக்கு இரண்டு ரூபாய் சில்லறை குறைந்தது. பக்கத்தில் நின்றவள் கொடுத்தாள். திருப்பித் தரவே இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பாள்.

மாடித்தோட்டம், 15 ஆகஸ்ட், காலை 8.05

இதைப் போய் "ஒன்றும் பெரிதாக இல்லை" என்கிறாயே!

ஓசூர் பையன், 15 ஆகஸ்ட், காலை 8.30

"இரண்டு ரூபாய் பாக்கி நிற்கிறது. இந்த வருஷமும் தர மாட்டேன்."

வாட்ஸ்அப்தான், அதனால் எழுத்துக் கணக்குப் பிரச்சினை இல்லை. போதுமா?

பழைய தந்திக்காரர், 15 ஆகஸ்ட், காலை 8.50

போதும். பொம்மைப் படம் எதுவும் சேர்க்காமல் அனுப்பு.

கவிதைக்கூடம், 15 ஆகஸ்ட், இரவு 9.00

எல்லாரும் கவிதையை ஓரம் கட்டிவிட்டீர்கள். ஒன்று சொல்கிறேன். 22 வருடமாக மனைவியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நிலா, தேன், மயில் என்று ஒரு கவிதை எழுதிக் கொடுக்கிறேன். எல்லாம் நூறு பேர் எழுதியதுதான், எனக்கும் தெரியும். அவள் 22 தாளையும் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஒரு வருடம் வேலை நெருக்கடியில் வெறும் நான்கு வரி எழுதினேன். "இந்த வருஷம் மயில் இல்லையா?" என்று கேட்டாள். உங்கள் கணக்கில் என் கவிதைக்கு எண் போடலாம். ஆனால் எங்கள் வீட்டில் மயில் என்றால் வேறு.

பழைய தந்திக்காரர், 16 ஆகஸ்ட், காலை 6.00

நான் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். முதல் வருடம் அந்த மயிலுக்கு எண் இருந்தது. இருபத்திரண்டாம் வருடம் இல்லை. அந்த அம்மா மயில் எங்கே என்று கேட்டதும் அது அவர்கள் இருவருக்கும் மட்டும் உரியதாகிவிட்டது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொல்லிமலைக்காரி, 16 ஆகஸ்ட், மதியம் 2.15

அண்ணா, அடுத்த வருடம் அண்ணிக்கு அந்த மயிலைப் பற்றியே எழுதுங்கள்.

என் இரண்டாம் வரைவு:

"டார்ச்சை இன்னும் இறக்கலை. பார்த்து இறங்கி வாங்க."

அன்றைக்குக் கட்டி முடித்து அவர் இறங்கும்போது நான் சொன்னது "பார்த்து இறங்கி வாங்க". மூட்டையெல்லாம் வழுக்கும். இப்போது மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருக்கிறவரிடம் அதே வார்த்தையைச் சொன்னால் வீட்டுக்கு வாங்க என்றும் ஆகிறது. இதை நான் யோசித்து வைக்கவில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"இறக்கவில்லை" என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் "இறக்கலை" என்றுதான் சொல்வேன். "நீ" போடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன், வாட்ஸ்அப்பில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் நான் அவரை ஒருநாளும் நீ என்று கூப்பிட்டதில்லை. அதனால் "வாங்க" தான்.

இன்னொன்றும் இதில் சரியாக வருகிறது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தால் செய்தியைப் பக்கத்தில் இருக்கிற கிளீனர் பையன்தான் எடுத்துச் சத்தமாகப் படிப்பான். இதைப் படித்தால் அவனுக்கு ஒன்றும் புரியாது. அவருக்குப் புரியும்.

மாடித்தோட்டம், 16 ஆகஸ்ட், மதியம் 2.40

கண் கலங்கிவிட்டது. கை வைக்காதீர்கள்.

வைகைக்கரை, 16 ஆகஸ்ட், மாலை 6.30

எண்ணிப் பார்த்தேன். புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 48. இன்னும் 22 இருக்கிறது. ஆனால் இதில் பிறந்தநாள் என்ற சொல்லே இல்லையே? 21ஆம் தேதி காலையில் "டார்ச்" என்று செய்தி வந்தால் வீட்டில் கரண்ட் போச்சோ என்று நினைக்க மாட்டாரா? கடைசியில் "பிறந்தநாள் வாழ்த்துக்கள்" சேர்த்துவிடுங்கள்.

பழைய தந்திக்காரர், 16 ஆகஸ்ட், இரவு 7.20

வேண்டாம். சேர்த்தால் மேலே இருப்பதெல்லாம் அதற்கு முன்னுரை மாதிரி ஆகிவிடும். அப்புறம், "வாழ்த்துகள்". "க்" வராது.

கவிதைக்கூடம், 16 ஆகஸ்ட், இரவு 7.35

ஏன் வராது? "வாழ்த்துக்கள்" என்றுதான் ஊரே எழுதுகிறது. எங்கள் தமிழாசிரியரும் அப்படித்தான் கரும்பலகையில் எழுதினார்.

பழைய தந்திக்காரர், 16 ஆகஸ்ட், இரவு 7.50

"கள்" இங்கே பன்மை விகுதி, தனிச்சொல் இல்லை. அதனால் மிக வேண்டியதில்லை. "வாழ்த்துக் கள்" என்று பிரித்தால் பனைமரத்திலிருந்து இறக்குவது.

கவிதைக்கூடம், 16 ஆகஸ்ட், இரவு 8.05

நல்ல அறிஞர்களே "எழுத்துக்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் பனையிலிருந்தா இறக்கினார்கள்?

வைகைக்கரை, 16 ஆகஸ்ட், இரவு 8.45

உங்கள் சண்டைக்கு நடுவில் நான் எண்ணிவிட்டேன். 48ஓடு ஒரு இடைவெளி விட்டு "பிறந்தநாள் வாழ்த்துகள்" சேர்த்தால் 71. ஒன்று கூட! "வாழ்த்துக்கள்" என்றால் 73. "பிறந்தநாள் வாழ்த்து" என்று ஒருமையில் போட்டால் 68, ஒரே செய்தியில் போய்விடும். இலக்கணப் பிரச்சினையும் இல்லை.

ஓசூர் பையன், 17 ஆகஸ்ட், காலை 7.10

முற்றுப்புள்ளியில் ஒன்றை எடுத்தால் 70 வருமே அண்ணா.

எனக்கு நேற்று இரவு 12 மணிக்கு அனுப்பியாகிவிட்டது. "வட்டி எவ்வளவு ஆச்சு தெரியுமா?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு விடியும்வரை பேசினோம்.

கொல்லிமலைக்காரி, 17 ஆகஸ்ட், காலை 10.00

வாழ்த்துகள் தம்பி (இங்கே எண்ணிக்கை இல்லை, க் போடாமலே எழுதுகிறேன்).

முற்றுப்புள்ளியை எடுக்க முடியாது. அது இல்லாவிட்டால் இரண்டு வரியும் ஒட்டிக்கொண்டு "இறக்கலை பார்த்து" என்று ஆகிவிடும்.

பிறந்தநாள் என்ற சொல் வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். ஐயா சொல்வது சரி என்று மனதுக்குப் படுகிறது. ஆனால் என் மாமியார் அன்றைக்குக் காலையில் கூப்பிட்டு வாழ்த்துவார், அக்கா கூப்பிடுவாள், பெண்ணும் பையனும் போனில் பாடுவார்கள். சொல்ல வேண்டியதை அவர்கள் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நானும் அதையே சொல்ல வேண்டுமா?

மாடித்தோட்டம், 17 ஆகஸ்ட், காலை 10.30

அது அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. என் கணவர் அந்தச் சொல் இல்லாவிட்டால் மறந்துவிட்டேன் என்றே நினைப்பார்.

எப்போது அனுப்பப் போகிறீர்கள்? 12 மணிக்கா?

கொல்லிமலைக்காரி, 18 ஆகஸ்ட், இரவு 9.15

12 மணிக்கு அவர் ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் போன் மினுங்கினால் கண் அங்கே போகும். காலை ஆறு, ஆறரைக்கு வண்டியை நிறுத்தி டீ குடிப்பார், முகம் கழுவுவார். ஆறேகாலுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். கிளம்பிய அன்றைக்கே எங்கே எப்போது நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இந்தத் தடவை 20ஆம் தேதி இரவு ஆதிலாபாத் தாண்டிவிடுவேன் என்றார்.

கொல்லிமலைக்காரி, 20 ஆகஸ்ட், இரவு 10.50

செய்தியை அடித்து போனில் சேமித்து வைத்துவிட்டேன். பிறந்தநாள் என்ற சொல் இல்லை. ஏழு மணியிலிருந்து நான்கு தடவை சேர்த்து, நான்கு தடவை எடுத்துவிட்டேன். பையன் பார்த்துவிட்டு "டார்ச் ரிப்பேரா அம்மா?" என்றான். வைகைக்கரை அண்ணன் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

கொல்லிமலைக்காரி, 21 ஆகஸ்ட், காலை 6.20

அனுப்பிவிட்டேன்.

ஓசூர் பையன், 21 ஆகஸ்ட், காலை 7.00

அக்கா??

ஓசூர் பையன், 21 ஆகஸ்ட், காலை 8.15

வேலையே ஓடவில்லை.

கொல்லிமலைக்காரி, 21 ஆகஸ்ட், காலை 9.40

எட்டரைக்குக் கூப்பிட்டார். ஆறரைக்கே பார்த்துவிட்டாராம். ஏன் உடனே கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள் என்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டார்: "பேட்டரி மாத்தினியா?"

அன்றைக்குக் கட்டி முடிக்கிற நேரத்தில் டார்ச் மங்க ஆரம்பித்துவிட்டது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கடைசி முடிச்சைக் கண்ணால் பார்த்துப் போடவில்லையாம், கையால் தடவித்தான் போட்டாராம். "நீ கீழே நின்னு இன்னும் தூக்கிப் பிடிச்சிட்டே இருந்தே, வெளிச்சமே இல்லை, சொன்னா பயந்துடுவேன்னு சொல்லலை" என்றார். பதின்மூன்று வருடம் கழித்து இதைச் சொல்கிறார்.

மாடித்தோட்டம், 21 ஆகஸ்ட், காலை 9.50

அவர் பக்கம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது உங்களுக்கு.

வைகைக்கரை, 21 ஆகஸ்ட், காலை 10.30

பிறந்தநாள் என்று சொல்லாததைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

கொல்லிமலைக்காரி, 21 ஆகஸ்ட், மதியம் 1.05

போனை வைக்கும்போது, "எல்லாரும் வாழ்த்து சொல்லிட்டாங்க, நீதான் சொல்லலை" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை. அதனால் இப்போது இரண்டாவது செய்தி ஒன்று அனுப்பினேன். "பிறந்தநாள் வாழ்த்து". 19 எழுத்து.

பழைய தந்திக்காரர், 21 ஆகஸ்ட், மதியம் 1.30

நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைக்கிறேன். கடைசியில் சேர்க்கலாம் என்றே விட்டிருக்கலாம்.

கொல்லிமலைக்காரி, 21 ஆகஸ்ட், இரவு 9.30

இல்லை ஐயா. இரண்டும் ஒரே செய்தியில் போயிருந்தால் பேட்டரியைக் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. நாக்பூரில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேறு லோடு ஏற்றிக்கொண்டு வருவாராம். வெள்ளிக்கிழமை வருகிறார். அங்கே மழையாம்.